காலை 5 மணி 29 நிமிடம் 60 விநாடி!

2017 ஜனவரி 1. மார்கழிக் குளிர். ஆங்கிலப் புத்தாண்டு என்பதால் கோயில் வாசல்களில் விடியும் முன்பே வரிசை நின்றது. அன்று காலை 5:29 என்ற அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் 61 விநாடிகள் இருந்தன. 5:29:59 ஆன பிறகு 5:30:00 வரவில்லை, 5:29:60 வந்தது. அதற்கு அடுத்துதான் 5:30. வரிசையில் நின்றவர்கள் ஒரு விநாடி கூடுதலாகக் காத்திருந்தார்கள். ஆனால், யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த ஒரு விநாடியை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் சேர்த்தார்கள். லண்டனில் அப்போது நள்ளிரவு என்பதால் நமக்கு அது காலை ஐந்தரை. ஆனால், நம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் அந்த விநாடியைக் கண்டுகொள்ளவே இல்லை. அவை தம்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போயின.

அந்த மூன்று விநாடிகளை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். ஜி.பி.எஸ் நேரத்தில் மணி, நிமிடம் என்பதெல்லாம் கிடையாது. எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனையாவது விநாடி என்ற இரண்டு எண்கள்தான். நம் கடிகாரத்தில் 5:29:59 ஆனபோது ஜி.பி.எஸ் காட்டியது 1930-வது வாரம், 16-வது விநாடி. நமக்கு 5:29:60, அதற்கு 17. நமக்கு 5:30:00; அதற்கு 18. அதாவது, ஜி.பி.எஸ்ஸின் புதிய வாரம் நமக்கு முன்பே தொடங்கிவிட்டது. 17 விநாடியாக இருந்த இடைவெளி அன்று 18 ஆனது. இன்றுவரை அதே 18தான்.

ஏன் இந்த இடைவெளி? இங்கே கடிகாரங்கள் மூன்று இருக்கின்றன என்பதுதான் விஷயம்.

முதலாவது, அணு நேரம். சீசியம் அணுவிலிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 919,26,31,770 முறை அலைந்தால் அது ஒரு விநாடி என்று 1967-ல் வரையறுத்தார்கள். பல நாட்டு ஆய்வகங்களில் இருக்கும் நூற்றுக்கணக்கான அணுக்கடிகாரங்களின் கணக்கை, பாரிஸ் அருகே இருக்கும் சர்வதேச எடை அளவை நிறுவனம் சேர்த்துச் சராசரி போடுகிறது. அதில் டெல்லியில் உள்ள நம் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கடிகாரங்களும் உண்டு. இந்த நேரம் நிற்காது, தாவாது. விநாடி மேல் விநாடியாக அடுக்கிக்கொண்டே போகும்.

இரண்டாவது, பூமி. பூமி ஒரு முறை சுழன்றால் ஒரு நாள். அதை 86,400-ஆகப் பிரித்தால் விநாடி. பல நூற்றாண்டுகளாக நமக்கு இதுதான் கடிகாரம். சிக்கல் என்னவென்றால், அணு விநாடியின் அளவை எடுத்தது 19-ம் நூற்றாண்டு வானியல் கணக்குகளிலிருந்து. அன்றைய பூமியின் நாளுக்குத் தைத்த சட்டை அது. அதன் பிறகு பூமி கொஞ்சம் மந்தமாகிவிட்டது. நிலவு இழுக்கும் இழுப்பில் கடலில் ஏற்றவற்றம் உண்டாகிறது. அந்த உராய்வு பூமிக்கு பிரேக் போல வேலை செய்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு ஒரு நாளின் நீளம் ஒன்றிரண்டு மில்லி விநாடி கூடுகிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று விட்டுவிட முடியாது. தினமும் 2 மில்லி விநாடி பின்தங்கும் கடிகாரம், 500 நாளில் ஒரு முழு விநாடி பின்தங்கிவிடும். பலரும் 'பூமி ஒரு விநாடி மெதுவாகிவிட்டது, அதனால் ஒரு விநாடி சேர்க்கிறார்கள்' என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. தினப்படி சில்லறை சேர்ந்து சேர்ந்து ஒரு ரூபாய் ஆவது போலத்தான் இது.

மூன்றாவது கடிகாரம் இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். அதுதான் யு.டி.சி எனப்படும் உலகப் பொது நேரம். நம் இந்திய நேரம் என்பது இதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டியது. விநாடியின் நீளத்தை இது அணுவிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால், பூமியைவிட 0.9 விநாடிக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. விலகப்போகிறது என்று தெரிந்தால், சுமார் ஆறு மாதம் முன்பே அறிவித்துவிட்டு ஒரு 'லீப் விநாடி' சேர்ப்பார்கள். 1972-ல் இந்த முறை தொடங்கியபோதே அணு நேரத்துக்கும் இதற்கும் 10 விநாடி வித்தியாசம் இருந்தது. அதற்குப் பிறகு 27 முறை சேர்த்தாயிற்று. ஆக மொத்தம் 37.

இப்போது ஜி.பி.எஸ்ஸுக்கு வருவோம். அதன் நேரம் 1980 ஜனவரி 6 அன்று யு.டி.சியோடு சரியாக ஒன்றுசேர்த்துத் தொடங்கப்பட்டது. அன்று அணு நேரம் 19 விநாடி முன்னால் இருந்தது. ஜி.பி.எஸ் அப்போதே பிடிவாதமாக ஒரு முடிவெடுத்தது: இனி லீப் விநாடி எதையும் சேர்ப்பதில்லை. அதனால் அணு நேரத்திலிருந்து அது என்றைக்கும் 19 விநாடி பின்னால். யு.டி.சியோ ஒவ்வொரு முறையும் ஒரு விநாடி தாமதித்துத் தாமதித்து, 37-க்கும் 19-க்கும் இடையிலான 18 விநாடி பின்தங்கிவிட்டது.

அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து கிளம்பிய சிக்னல் நம் போனை அடைய எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்துதான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒளி ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். கணக்கில் ஒரே ஒரு செயற்கைக்கோள் லீப் விநாடியைச் சேர்த்து, மற்றவை சேர்க்காமல் விட்டால், அந்த ஒன்றின் தூரம் முக்கால் நிலா தூரத்துக்குப் பிசகிவிடும். ஆகவே, தாவாத நேரம்தான் அதற்குத் தேவை.

ஆனால், போனில் நமக்கு 18 விநாடி வேகமாக ஓடவில்லையே? ஏனென்றால், செயற்கைக்கோள்களே ஒரு துண்டுச்சீட்டும் அனுப்புகின்றன. 'என் நேரத்திலிருந்து 18-ஐக் கழித்துக்கொள். அடுத்த மாற்றம் இருந்தால் இந்தத் தேதியில்' என்பது அதில் இருக்கும். சிக்கல், அந்தச் சீட்டு வரும் வேகம். ஜி.பி.எஸ்ஸின் பழைய சிக்னலில் முழுத் தகவலும் ஒரு சுற்று வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும். 18 என்ற எண் அந்தச் சுற்றில் ஒரு முறைதான் வரும். போனுக்கு இன்டர்நெட் வழியாகவும் நேரம் கிடைப்பதால் கவலையில்லை. செயற்கைக்கோளை மட்டுமே நம்பும் கருவியைப் பல மாதம் கழித்து ஆன் செய்தால், சீட்டு வரும்வரை அது தன் நினைவில் இருக்கும் பழைய எண்ணைத்தான் கழிக்கும். 2017-க்கு முன்பு தயாரான கருவி 17-ஐக் கழித்து ஒரு விநாடி முந்திக்கொண்டு ஓடும். பிறகு திடீரென்று ஒரு விநாடி பின்னால் வரும். கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், கால் மணி நேரம் திறந்தவெளியில் வைத்தால் சரியாகிவிடும்.

பணம் போகும் இடம் வேறு. ட்ரோன் வைத்து நில அளவை செய்பவர்களைக் கேட்டால் இந்த 18-ஐப் பற்றிச் சொல்வார்கள். ட்ரோனில் கேமரா ஒரு படம் எடுக்கிறது. அதன் கடிகாரம் போனைப் பார்த்து வைத்தது, அதாவது யு.டி.சி வழி வந்தது. துல்லியமான இடம் சொல்லும் ரிசீவரின் மூலக் கோப்போ பெரும்பாலும் ஜி.பி.எஸ் நேரத்தில் இருக்கும். 'இந்தப் படம் எடுத்தபோது ட்ரோன் எங்கே இருந்தது?' என்று இரண்டையும் பொருத்தும்போது 18-ஐ மறந்தால் என்ன ஆகும்? விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறந்தால், படம் 180 மீட்டர் தள்ளிப்போய் உட்காரும். பக்கத்து வயலின் வரப்பு நம் வயலுக்குள் வந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ட்ரோன் நெல் வயலை உழுவது போல ஒரு சால் போய், அடுத்த சால் திரும்பி வரும். இடக்கணக்கில் தவறு என்றால் எல்லாப் படங்களும் ஒரே பக்கம் நகர்ந்திருக்கும். நேரத்தில் தவறு என்றால், போகும் சாலின் படங்கள் ஒரு பக்கமும் திரும்பும் சாலின் படங்கள் எதிர்ப்பக்கமும் நகர்ந்திருக்கும். நகர்ந்த தூரத்தை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 18 வந்தால், திருடன் பிடிபட்டான்!

சரி, செயற்கைக்கோள்தான் ஒதுங்கிக்கொண்டது. லீப் விநாடியை ஏற்றுக்கொண்ட கணினிகளாவது நிம்மதியாக இருந்தனவா? இல்லை. 2012 ஜூன் 30 நள்ளிரவில், நமக்கு ஜூலை 1 காலை ஐந்தரைக்கு, ஒரு லீப் விநாடி சேர்த்தார்கள். உலகின் பெரும்பாலான சர்வர்களை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. மணி மாறியதை அதன் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குச் சொல்லவில்லை. 'ஒரு நொடிக்கும் குறைவாகத் தூங்கி எழு' என்று சொல்லப்பட்ட புரோகிராம்கள் தூங்காமலே எழுந்து எழுந்து, கணினியின் மொத்த சக்தியையும் தின்றன. ரெட்டிட் தளம் முடங்கியது. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் பயணிகள் செக்-இன் வரிசையில் தவித்தார்கள்.

இப்படிப்பட்ட அனுபவங்களால், 2022 நவம்பரில் சர்வதேச எடை அளவை மாநாடு ஒரு முடிவெடுத்தது. 2035-க்குள் அந்த 0.9 விநாடி வரம்பைத் தளர்த்திவிடுவது. லீப் விநாடிகள் நம் வாழ்நாளில் தேவைப்படாதபடி செய்வது. பூமியும் சூரியனும் கடிகாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகட்டும், பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். நூறாண்டில் ஒரு நிமிட அளவுக்குத்தான் விலகும் என்பதால் எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. சென்னைக்கும் அகமதாபாத்துக்கும் ஒரே கடிகாரம் வைத்துக்கொண்டு அரை மணி நேர சூரிய வித்தியாசத்தோடு வாழ்கிறவர்கள்தானே நாம்!

இதற்கு நடுவே பூமி வேறொரு விளையாட்டைத் தொடங்கியிருக்கிறது. 2020-க்குப் பிறகு அது கொஞ்சம் வேகமெடுத்திருக்கிறது. பல நாள்கள் 86,400 விநாடியைவிட மயிரிழை குறைவாகவே முடிந்தன. பூமியின் உள்ளே இருக்கும் திரவக் கருவின் அசைவு இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2016-க்குப் பிறகு லீப் விநாடி தேவைப்படாததன் ரகசியம் இதுதான். இதே போக்கு நீடித்தால் ஒரு விநாடியைச் சேர்ப்பதற்குப் பதில் எடுக்க வேண்டி வரலாம். அதாவது, 5:29:58-க்குப் பிறகு நேராக 5:30:00. இதை இதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. சேர்க்கும்போதே தடுமாறிய கணினிகள் எடுக்கும்போது என்ன செய்யும் என்பதுதான் பலரின் கவலை.

அந்த நிலை வராமலே 2035 வந்துவிட்டால், எண்கள் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். நம் இஸ்ரோவின் நாவிக், ஐரோப்பாவின் கலிலியோ ஆகியவை ஜி.பி.எஸ்ஸோடு ஒத்துப்போய் 18 விநாடி முன்னால் நிற்கும். சீனாவின் பெய்டோ 2006-ல்தான் தன் எண்ணிக்கையைத் தொடங்கியது. அதற்குப் பிறகு சேர்ந்த லீப் விநாடிகள் நான்கே என்பதால் அது 4 விநாடி முன்னால் நிற்கும். ரஷ்யாவின் க்ளோனாஸ் மட்டும் ஆரம்பத்திலிருந்தே யு.டி.சியோடு சேர்ந்து லீப் விநாடிகளை ஏற்றுவந்ததால், அதற்கு இந்தக் கழித்தல் கணக்கே கிடையாது. மாஸ்கோவுக்கான மூன்று மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டால் போதும்.