குறைந்த சம்பளத்துக்கு வருகிறேன் என்றாலும் ஏன் வேலை கிடைப்பதில்லை?

தி.நகர் உஸ்மான் ரோட்டில் ஒரு நகைக்கடை. கவுன்டரில் நிற்பவர்களுக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தம்பிக்கு வேலை இல்லை. அதே வேலையை 15,000 ரூபாய்க்கே செய்கிறேன் என்று போய்க் கேட்கிறார். முதலாளி வேண்டாம் என்கிறார். மாதம் 3,000 ரூபாய் மிச்சமாவதை ஒரு வியாபாரி ஏன் விட வேண்டும்?

இதற்குப் பொருளாதாரத்தில் தரப்படும் ஒரு விடை, செயல்திறன் கூலி (வேலையின் தரத்தை உயர்த்துவதற்காகச் சந்தை விலையைவிட வேண்டுமென்றே கூட்டித் தரும் சம்பளம்).

கூட்டிக் கொடுத்தால் முதலாளிக்கு நஷ்டம்தானே?

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடையில் 20 பேர். ஆளுக்கு 3,000 ரூபாய் கூட்டினால் வருடத்துக்கு 7,20,000 ரூபாய் கூடுதல் செலவு.

15,000 கொடுத்த காலத்தில் வருடத்துக்கு 24 பேர் வேலையை விட்டுப் போனார்கள். 18,000 ஆனபின் 6 பேர்தான் போகிறார்கள். புதிதாக வருபவர் சேதாரம், செய்கூலி கணக்கைத் தப்பில்லாமல் சொல்லவே சில வாரங்கள் ஆகும். அதுவரை ஒரு சீனியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இப்படி ஆளுக்கு 20,000 ரூபாய் வீணாகிறது என்றால், 18 பேர் குறைந்ததில் மிச்சம் 3,60,000.

ஒரு சூப்பர்வைசர் தேவைப்படவில்லை. மாதம் 22,000 வீதம் மிச்சம் 2,64,000. தட்டில் நகை குறைவது, வந்த வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவது இவை குறைந்ததில் 1,50,000. கூட்டினால் 7,74,000. கூடுதல் செலவு போக 54,000 ரூபாய் லாபம்.

அப்படியானால் 21,000 கொடுக்கலாமே?

கொடுக்க மாட்டார். மறுபடியும் 7,20,000 செலவாகும். ஆனால் விலகுபவர்கள் 6 பேரிலிருந்து 3 பேராகத்தான் குறைவார்கள். அதில் மிச்சம் 60,000. மீதமிருக்கும் சூப்பர்வைசரை எடுத்துவிடவும் முடியாது. கூட்டிய பணம் திரும்பி வராத இடத்தில் முதலாளி நின்றுவிடுவார். இதில் தர்ம சிந்தனைக்கு வேலையில்லை, எல்லாம் கணக்குதான்.

உண்மையில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் செய்தார். அவருடைய கார் தொழிற்சாலையில் 1913இல் ஆள் மாற்றம் 370 சதவீதம். அதாவது ஓர் இடத்துக்கு வருடத்தில் ஏறக்குறைய நான்கு பேர் வந்து போனார்கள். ஃபோர்டு தினக்கூலியைச் சுமார் இரு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்தார். 1914இலேயே ஆள் மாற்றம் 54 சதவீதமாகக் குறைந்தது. வேலை கேட்டு வாசலில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். அவர்களில் பலருக்கு வேலை கிடைக்கவில்லை. இவ்வளவு பேர் குவிந்தார்களே என்று அறிவித்த கூலியை ஃபோர்டும் குறைக்கவில்லை.

எல்லாக் கடையும் 18,000 கொடுத்துவிட்டால்?

நல்ல சந்தேகம். பாண்டி பஜார் வரை எல்லாரும் 18,000 தந்தால் இந்தக் கடைக்கு என்ன தனிச் சிறப்பு? ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் மறுநாளே அடுத்த கடையில் சேர்ந்துவிட மாட்டாரா?

மாட்டார். சம்பளம் உயர்ந்ததும் ஒவ்வொரு கடையும் 20 பேருக்குப் பதில் 18 பேரோடு சமாளிக்கப் பார்க்கும். சம்பளம் நன்றாக இருப்பதால் வேலை தேடி வருபவர்களோ கூடுவார்கள். ஆட்கள் அதிகம், இடங்கள் குறைவு. வேலையை இழந்தவர் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் 54,000 ரூபாய் போச்சு. அந்தப் பயம்தான், மேலாளர் பார்க்காத நேரத்திலும் அவரைக் கவனமாக நிற்க வைக்கிறது.

கார்ல் ஷபிரோ, ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1984இல் இதைத்தான் சொன்னார்கள்: வேலையில்லாதவர்கள் கொஞ்சம் பேர் வெளியே இருப்பதாலேயே உள்ளே இருப்பவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். யாரும் திட்டமிடாவிட்டாலும், ஒவ்வொரு கடையும் தன் கணக்கைப் பார்ப்பதிலேயே இது நடந்துவிடுகிறது. அதனால், உங்கள் தம்பி சோம்பேறியாக இருப்பதால்தான் வேலையில்லாமல் இருக்கிறார் என்று சொல்வது நியாயமில்லை.

தம்பியை மட்டும் 15,000க்கு எடுத்தால் என்ன?

நாளை 16,000க்கு வேறு இடம் கிடைத்தால் போய்விடுவார் என்பது முதலாளிக்குத் தெரியும். தவிர, பக்கத்தில் நிற்பவருக்கு 3,000 கூடுதல் என்று தெரிந்த அன்றே தம்பிக்கு மனசு விட்டுப்போகும். வேலையிலும் அது தெரியும்.

சம்பளத்தைக் கூட்டுவதற்குப் பதில் டெபாசிட் வாங்கலாமே?

சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அல்லது முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்துவைப்பார்கள். ஆனால் டெபாசிட் கட்டப் பணம் இருப்பவர் இந்த வேலைக்கு வருவது அரிது. பொய்யான குற்றம் சாட்டி முதலாளியே அதை அமுக்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. மார்க்‌ஷீட்டைக் கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

எல்லா வேலைக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. வேலை கண்ணுக்கு நேராகத் தெரிந்தால், கண்காணிப்பு மலிவு; கூட்டிக் கொடுக்க அவசியமில்லை. ரங்கநாதன் தெருவில் துணி எடுத்துப்போடும் இளைஞர்களின் வேலை அப்படிப்பட்டது. 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ படம் அந்த வாழ்க்கையைக் காட்டியது. அந்த மாதிரி வேலையில் நிலைமையை மாற்றச் சட்டம் தேவைப்பட்டது: கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது.

சம்பளம் அதிகம் என்பதாலேயே அது செயல்திறன் கூலி என்றும் சொல்லிவிட முடியாது. அபூர்வத் திறமை, ஆபத்தான வேலை, சங்கத்தின் பலம், அரசு நிர்ணயித்த சம்பளம் என்று வேறு காரணங்களும் உண்டு. மூன்று அடையாளங்கள் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்: விலகுபவர்கள் குறைவு, வேலை கேட்பவர்கள் அதிகம், குறைத்துக் கேட்டாலும் முதலாளி எடுப்பதில்லை.

எனக்கு இதனால் என்ன பயன்?

வேலை தேடுகிறீர்கள் என்றால், ‘எவ்வளவு கொடுத்தாலும் சரி’ என்று சொல்லாதீர்கள். இந்த மாதிரி முதலாளிக்கு அது, சீக்கிரம் போய்விடுவார் என்ற சந்தேகத்தைத்தான் தரும். முந்தைய இடத்தில் எத்தனை வருடம் இருந்தீர்கள், யார் உங்களுக்காகச் சொல்வார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அவர் விலை கொடுத்து வாங்க நினைப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

ஏற்கனவே வேலையில் இருந்து, வெளிச்சந்தையைவிட அதிகம் வாங்குகிறீர்கள் என்றால், வேலை போனால் அதே சம்பளம் உடனே கிடைக்காது. மூன்று நான்கு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். அதே சம்பளம் என்றும் தொடரும் என்று நம்பி வீட்டுக் கடனை இழுத்துப்போட வேண்டாம்.

மயிலாப்பூரிலோ அடையாறிலோ வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருந்தால், நீங்களும் முதலாளிதான். சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போகும் வீட்டில் கண்காணிக்க யாருமில்லை. தெருவில் எல்லாரும் தரும் சம்பளத்தையே கொடுத்து, வருடத்துக்கு நான்கு ஆளை மாற்றி, ஒவ்வொரு முறையும் ஹோட்டலில் வாங்கிச் சாப்பிட்ட செலவைக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுப்பதே மலிவாக இருக்கும்.