இன்டர்வியூ முடிந்தது, பதில் வரவில்லையா?

“இரண்டு வாரத்துக்குள் சொல்லிவிடுவோம்” என்று எச்.ஆர். சொல்லி அனுப்பியிருப்பார். கெடு தாண்டியும் போன் வராது, மெயிலும் வராது. ‘நமக்குக் கிடைக்கவில்லை போல’ என்று பலர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். அது அவசரமான முடிவு.

கோவையில் ஒரு நூற்பாலையின் அக்கவுண்ட்ஸ் பிரிவு இன்டர்வியூவை எடுத்துக்கொள்வோம். உங்களைத் தேர்வு செய்ய வேண்டியவர் எச்.ஆர். அல்ல, அக்கவுண்ட்ஸ் மேனேஜர். ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யப் பொதுவாக மாதத்தின் 20-ஆம் தேதிதான் கடைசி என்பதால், அதுவரை அவர் தலை நிமிர மாட்டார். அவர் ஒப்புக்கொண்டாலும் சம்பளத்துக்கு மேலிடத்தின் கையெழுத்து வேண்டும். இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. முதலிடத்தில் இருப்பவருக்கு ஆஃபர் போயிருக்கும். அவர் பழைய கம்பெனியிடம் அதைக் காட்டிச் சம்பள உயர்வு பேசிக்கொண்டிருப்பார். அவர் ‘வருகிறேன்’ என்று உறுதி சொல்லும்வரை, இரண்டாம் இடத்தில் இருக்கும் உங்களிடம் எச்.ஆர். ‘இல்லை’ என்றும் சொல்ல மாட்டார், ‘உண்டு’ என்றும் சொல்ல முடியாது.

இந்த நேரத்தில் நீங்கள் அனுப்பும் மெயில் வேலையைக் கேட்டுக் கெஞ்சுவதற்கு அல்ல. ‘நான் இன்னும் தயாராக இருக்கிறேன்’ என்று தெரிவிப்பதுதான் அதன் வேலை. முதல் ஆள் கைவிரித்தால், இன்னும் ஆர்வத்தோடு இருப்பது தெரிந்த ஆளைத்தான் எச்.ஆர். முதலில் அழைப்பார்.

எழுதுவதற்கு முன் ஸ்பேம் பெட்டியில் கம்பெனி பெயரைப் போட்டு ஒருமுறை தேடிவிடுங்கள். சொன்ன கெடு முடிந்து ஓரிரு வேலை நாள் போகட்டும். ஜூன் 3 இன்டர்வியூ என்றால் 18 அல்லது 19-ஆம் தேதி காலையில் அனுப்பலாம். புதிதாக ஒரு மெயிலைத் தொடங்காமல், இன்டர்வியூவுக்கு அழைத்து வந்த மெயிலுக்கே ரிப்ளை செய்யுங்கள். தினமும் பலரைப் பார்க்கும் எச்.ஆருக்கு உங்கள் பெயர் நினைவில் இருக்காது. பழைய மெயில் கீழே இருந்தால் தேட வேண்டிய வேலை மிச்சம். கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் அவர்களுக்குத்தான் எழுத வேண்டும். எம்.டி.க்கு சி.சி. போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

மெயிலை ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் சாரம் இவ்வளவுதான்:

“வணக்கம் மேடம். ஜூன் 3 அன்று அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ் பணிக்கான இரண்டாம் சுற்று இன்டர்வியூவில் கலந்துகொண்டேன். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலைகளை மேனேஜர் விளக்கியபின் இந்தப் பணியில் என் ஆர்வம் கூடியிருக்கிறது. தேர்வு எந்தக் கட்டத்தில் உள்ளது, முடிவு ஏறக்குறைய எப்போது தெரியும் என்று சொல்ல முடியுமா? என் நோட்டீஸ் பீரியட் 30 நாள், அதில் மாற்றமில்லை. வேறு சான்றிதழ் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறேன். நன்றி.”

கீழே பெயரும் போன் நம்பரும். அவ்வளவே. கேள்வி ஒன்றுதான் என்பதால் எச்.ஆர். ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம். ‘இரண்டு வாரமாகியும் பதில் இல்லை’ என்று தொடங்கினால் அது புகார் மனுவாகிவிடும். குடும்பக் கஷ்டத்தையும் எழுத வேண்டாம். வேறு கம்பெனியின் ஆஃபர் நிஜமாகவே கையில் இருந்தால், எந்தத் தேதிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஒரு வரியில் சேர்க்கலாம். இல்லாததை இருப்பதாகச் சொன்னால், “அப்படியா, வாழ்த்துகள்” என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

வரும் பதிலைப் படிக்கவும் தெரிய வேண்டும். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்றால் பெரும்பாலும் நீங்கள் வரிசையில்தான் இருக்கிறீர்கள். ‘பணியிடம் ஹோல்டில் இருக்கிறது’ என்றால் ஆளெடுப்பையே தள்ளிவைத்திருக்கிறார்கள். அது எப்போது திறக்கும் என்று அந்த எச்.ஆருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒன்றும் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து, அதே மெயில் தொடரில் இரண்டு வரியில் இன்னொரு முறை கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தக் கம்பெனியை விட்டுவிட வேண்டியதுதான். மூன்றாவது மெயிலும் தினசரி வாட்ஸ்அப்பும் உங்கள் பெயரைக் கெடுக்குமே தவிர வேலை வாங்கித் தராது. எந்தப் பதில் வந்தாலும் சரி, ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை மற்ற இன்டர்வியூக்களுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். இருக்கும் வேலையில் பேப்பர் போட்டுவிடாதீர்கள்.