இல்லாத எண்ணைத் தேடுவதற்கும் கணக்கு உண்டு

கணினி அறிவியல் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கேள்வி இது. சில எண்களைக் கொடுத்து, அவற்றை வரிசையாக ஒரு பைனரி சர்ச் ட்ரீயில், அதாவது இருமத் தேடல் மரத்தில் சேர்க்கச் சொல்வார்கள். பிறகு, இருக்கும் எண்ணைத் தேடினால் சராசரியாக எத்தனை ஒப்பீடுகள், இல்லாத எண்ணைத் தேடினால் எத்தனை என்று கேட்பார்கள். முதல் பாதியைப் பெரும்பாலோர் போட்டுவிடுவார்கள். இரண்டாம் பாதியில்தான் மதிப்பெண் போகும்.

45, 20, 70, 10, 30, 25 என்ற ஆறு எண்களை இதே வரிசையில் சேர்ப்போம். விதி ஒன்றுதான்: சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம்.

```
      45
     /  \
   20    70
  /  \
10    30
     /
   25
```

30-ஐத் தேட வேண்டும் என்றால் முதலில் 45-உடன் ஒப்பிடுகிறோம். சிறியது, இடப்பக்கம் போகிறோம். அங்கே 20 இருக்கிறது. அதைவிடப் பெரியது, வலப்பக்கம் திரும்பினால் 30 கிடைத்துவிடுகிறது. ஆக மூன்று ஒப்பீடுகள். ஓர் எண் எத்தனையாவது மட்டத்தில் இருக்கிறதோ அத்தனை ஒப்பீடுகள், அவ்வளவுதான். 45-க்கு 1, 20-க்கும் 70-க்கும் தலா 2, 10-க்கும் 30-க்கும் தலா 3, 25-க்கு 4. கூட்டினால் 15. ஆறால் வகுத்தால் சராசரி 2.5.

இனி இல்லாத எண். இல்லாத எண்கள் கணக்கற்றவையாயிற்றே, எதை வைத்துச் சராசரி எடுப்பது என்று தோன்றும். ஆனால் தேடலுக்கு 46-ம் 69-ம் ஒன்றுதான். இரண்டும் 45-ஐத் தாண்டி, 70-ன் இடப்பக்கம் வெற்றிடத்தில் போய் முட்டும். ஆகவே எண்ண வேண்டியது எண்களை அல்ல, அவற்றுக்கு இடையிலான இடைவெளிகளை. ஆறு எண்கள் இருந்தால் இடைவெளிகள் ஏழு: எல்லாவற்றுக்கும் சிறியது ஒன்று, எல்லாவற்றுக்கும் பெரியது ஒன்று, நடுவே ஐந்து. இங்கே ஆறால் வகுப்பவர்கள்தான் விடையைத் தவறவிடுகிறார்கள்.

10-க்குக் கீழே உள்ள எண்ணுக்கு 45, 20, 10 என மூன்று ஒப்பீடுகள். 10-க்கும் 20-க்கும் நடுவிலும் அதே மூன்று. 20-க்கும் 25-க்கும் நடுவில் நான்கு, 25-க்கும் 30-க்கும் நடுவில் நான்கு. 30-க்கும் 45-க்கும் நடுவில் மூன்று. 45-க்கும் 70-க்கும் நடுவில் இரண்டு, 70-க்கு மேலே இரண்டு. மொத்தம் 21. ஏழால் வகுத்தால் சரியாக 3.

15, 21. வித்தியாசம் 6, அதாவது மரத்தில் உள்ள எண்களின் எண்ணிக்கை. இது தற்செயல் அல்ல. மரம் எந்த வடிவில் இருந்தாலும் இப்படித்தான் வரும். 25-ஐச் சேர்த்த கணத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். அதற்கு முன் 20-க்கும் 30-க்கும் நடுவே ஒரே இடைவெளிதான் இருந்தது. அங்கே போய்ச் சேர 3 ஒப்பீடுகள். 25 வந்து உட்கார்ந்ததும் அந்த ஓர் இடைவெளி இரண்டாகப் பிரிந்தது, ஒவ்வொன்றுக்கும் 4 ஒப்பீடுகள். 3 போய் 8 வந்ததால் தோல்வித் தேடல்களின் மொத்தம் 5 கூடியது. வெற்றித் தேடல்களின் மொத்தமோ 25-க்கு உரிய 4 மட்டுமே கூடியது. எந்த எண்ணை எங்கே சேர்த்தாலும் இந்த வித்தியாசம் ஒன்று வளரும். ஆறு எண்களுக்கு ஆறு. தாமஸ் ஹிப்பர்ட் 1962-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே இந்தத் தொடர்பு வந்துவிட்டது. தேர்வறையில் இதைவிட நல்ல சரிபார்ப்பு கிடையாது: வித்தியாசம் எண்ணிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு கிளையைத் தவறாக எண்ணியிருக்கிறீர்கள்.

இதே ஆறு எண்களை ஏறுவரிசையில் சேர்த்திருந்தால் மரம் ஒரே பக்கமாக நீண்டு சங்கிலியாகிவிடும். அப்போது வெற்றியின் மொத்தம் 21, தோல்வியின் மொத்தம் 27. வித்தியாசம் அப்போதும் 6. ஆறு எண்களை இயன்றவரை சமமாக அடுக்கினால் வெற்றியின் மொத்தம் 14. நம் மரத்தின் 15 அதற்கு ஒன்றுதான் கூடுதல்.

ஒப்பீடு என்பதைக் கேள்வி எப்படி வரையறுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இதுவரை ஒரு கணுவுக்கு ஓர் ஒப்பீடு என்று கொண்டோம். 'சமமா' என்று ஒருமுறை, 'சிறியதா' என்று இன்னொரு முறை எனத் தனித்தனியாக எண்ணச் சொன்னால் விடை மாறும். எண் கிடைத்த கணுவில் முதல் கேள்வியோடு நின்றுவிடலாம். வழியில் உள்ள மற்றவற்றில் இரண்டும் தேவை. அப்படி எண்ணினால் நம் மரத்தில் வெற்றிக்குச் சராசரி 4, தோல்விக்கு 6.

இன்னொன்று, இந்தக் கணக்கு ஏழு இடைவெளிகளுக்கும் ஒரே வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறது. 1 முதல் 100 வரையுள்ள முழு எண்களில் மரத்தில் இல்லாத 94-ஐயும் ஒவ்வொன்றாகத் தேடினால், பழைய ஒரு கணுவுக்கு ஓர் ஒப்பீட்டு முறையிலேயே, மொத்தம் 236 ஒப்பீடுகள். சராசரி ஏறக்குறைய 2.51. 45-க்கு மேலே உள்ள இரண்டு இடைவெளிகளில் மட்டும் 54 எண்கள் அடங்குகின்றன, அவற்றுக்கு இரண்டே ஒப்பீடுகள் என்பதால் 3 இவ்வளவு இறங்கிவிடுகிறது.