மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை

வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் விளம்பரங்களை இப்போதெல்லாம் ஒரு மறைமொழியாகத்தான் படிக்கிறார்கள். ‘வளர்ந்துவரும் பகுதி’ என்றால் தார்ச்சாலை இன்னும் வரவில்லை, மழைக்குத் தண்ணீர் தேங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘மெயின் ரோட்டை ஒட்டி’ என்றால் விடிய விடிய லாரி ஹாரன். ‘செமி ஃபர்னிஷ்டு’ என்றால் இரண்டு ஃபேனும் மூன்று டியூப் லைட்டும். இப்படிப் படித்துப் பழகியவர் நிஜமாகவே விசாலமான வீட்டுக்குப் போடும் விளம்பரத்தையும் நம்புவதில்லை. நல்ல வீடு வைத்திருக்கும் உரிமையாளருக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

குறையைச் சொன்னால் யாரும் போன் செய்ய மாட்டார்கள் என்ற பயத்தில்தான் பெரும்பாலானவர்கள் பூசி மெழுகுகிறார்கள். உண்மையை எழுதினால் போன்கள் குறையும்தான். ஆனால் குறைவது வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறவர்களின் போன்கள். ஒரு வீட்டின் குறை எல்லோருக்கும் குறையாக இருப்பதில்லை. அது யாருக்குக் குறையல்லவோ அவரைக் கண்டுபிடித்து அவருக்கு எழுத வேண்டும்.

நங்கநல்லூரில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான விளம்பரம் இப்படி இருக்கும்:

“பழவந்தாங்கல் ஸ்டேஷன் 5 நிமிடம். விசாலமான 2 பிஎச்கே, 800 சதுர அடி. நல்ல காற்றோட்டம், வெளிச்சம். 24 மணி நேரமும் தண்ணீர். செமி ஃபர்னிஷ்டு. அமைதியான சூழல். டீசன்ட்டான சிறு குடும்பத்துக்கு மட்டும். நியாயமான வாடகை.”

இதில் அப்பட்டமான பொய் என்று ஒன்றைத்தான் பிடிக்க முடியும். மற்றதெல்லாம் அளவு இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்த அடைமொழிகள்.

முதலில் அந்த ஐந்து நிமிடம். எதில் ஐந்து நிமிடம்? வண்டியிலா, நடந்தா? ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு இதில் ஒரு விதியே உண்டு. 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும், மிச்சம் வந்தால் மேல்நோக்கி முழு நிமிடமாக்க வேண்டும். நமக்கு அப்படி விதி இல்லாவிட்டாலும் கணக்கைக் கடன் வாங்கலாம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் 1.1 கிலோமீட்டர் என்றால் 14 நிமிடம். தினமும் ரயிலில் போகிறவருக்குப் பதினாலு நிமிட நடை பெரிய விஷயமில்லை. ஐந்து என்று நம்பி வந்து பதினாலு நடந்தால்தான் அது பெரிய விஷயமாகிறது. வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே அவர் பாதி மனசை மாற்றிக்கொண்டிருப்பார்.

அடுத்தது 800 சதுர அடி. சுவர்களின் கனம், மாடிப்படியில் இந்த வீட்டின் பங்கு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. டேப்பை எடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்தால் 590தான் வருகிறது. அந்த 590ஐ எழுதுவதோடு அறைகளின் நீள அகலத்தையும் எழுதிவிட்டால் ‘விசாலம்’ என்ற சொல்லே தேவைப்படாது. ஹால் 10க்கு 17, பெரிய பெட்ரூம் 10க்கு 12, சின்ன பெட்ரூம் 8க்கு 9. படிக்கிறவர் தன் சோபாவையும் கட்டிலையும் மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொள்வார். 8க்கு 9 அறையை ‘காம்பாக்ட்’ என்று எழுதினால் சந்தேகம்தான் வரும். ‘ஒற்றைக் கட்டிலும் படிக்கிற மேஜையும் தாராளமாகக் கொள்ளும்’ என்று எழுதினால், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டார் நிமிர்ந்து உட்கார்வார்கள். அறை அதே அறைதான்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சென்னையில் வீடு பார்க்கிறவர்கள் அட்வான்சுக்கு முன்பு கேட்பது தண்ணீரைத்தான். ‘24 மணி நேரமும்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது போர் தண்ணீரா, மெட்ரோ தண்ணீரா? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் நனைத்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு தெரிந்துவிடும். குடிநீருக்கு 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர நிர்ணயம். நம் வீட்டுப் போர் தண்ணீர் 900 காட்டுகிறது என்றால் அதை அப்படியே எழுதலாம். குளிக்க, துவைக்கப் போதும், சமையலுக்கு மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் சம்ப்புக்கு வருகிறது என்று சேர்த்துவிட்டால் குறையும் வழியும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். குறையை விளம்பரத்தின் கடைசியில் ஒளித்து வைக்காமல் அதற்கான வழியோடு நடுவில் வைப்பது நல்லது. கடைசியில் படிப்பதுதான் மனதில் நிற்கும்.

அந்த விளம்பரம் சொல்லாமல் விட்டது மாடியை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மேலே மொட்டை மாடி. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் கூரை இரவில்தான் சூட்டை விடும், மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் அறை தணியாது. ‘நல்ல காற்றோட்டம்’ என்பதற்குப் பின்னால் இருப்பது இதுதான். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருக்கும் குடும்பம் இந்த வீட்டுக்கு வரவே கூடாது. வந்தால் ஆறு மாதத்தில் காலி செய்வார்கள். தலைக்கு மேலே உலக்கைச் சத்தம் வேண்டாம், துணி உலர்த்த வெயில் வேண்டும், படியேறுவது பாரமில்லை என்கிற இளம் தம்பதிக்கோ இது கிடைத்தற்கரிய வீடு. கூரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால் எந்த ஆண்டு அடித்தது என்பதையும் எழுதலாம்.

‘நியாயமான வாடகை’ என்பது எதையுமே சொல்வதில்லை. வாடகை, அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், கரன்ட்டுக்குத் தனி மீட்டரா சப் மீட்டரா, காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் தொகையாக வர வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த வரம்புக்குள் கேட்கிறவர்கள் அதை விளம்பரத்திலேயே சொல்லிவிடலாம். பத்து மாதம் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு அதைவிடக் கவர்ச்சியான வரி இல்லை.

மாற்றி எழுதினால் இப்படி வரும்:

“நங்கநல்லூர், 2 பிஎச்கே. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மேலே மொட்டை மாடி மட்டும்தான், துணி உலர்த்திக்கொள்ளலாம். சுவருக்குள் 590 சதுர அடி. ஹால் 10க்கு 17, பெட்ரூம் 10க்கு 12. சின்ன அறை 8க்கு 9, ஒற்றைக் கட்டிலும் படிப்பு மேஜையும் கொள்ளும். போர் தண்ணீர் எப்போதும் உண்டு (டிடிஎஸ் 900), சமையலுக்கு மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். கோடையில் சூடு உண்டு, பெரிய பெட்ரூமில் ஏசி பாயின்ட் இருக்கிறது. சந்துக்குள் கார் வராது, அதனால் சத்தம் இல்லை. டூவீலர் நிறுத்தலாம். பழவந்தாங்கல் ஸ்டேஷன் 1.1 கி.மீ., நடந்தால் 14 நிமிடம். வாடகை 15,000, அட்வான்ஸ் 45,000, தனி இபி மீட்டர்.”

‘டீசன்ட் குடும்பம்’ போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். சாதியையும் சாப்பாட்டையும் நேரில் கேட்கக் கூச்சப்பட்டு அந்தச் சொல்லுக்குள் ஒளித்துவைப்பவர்கள் உண்டு. வெளிப்படையாக எழுதிவிட்டால் அது நேர்மையாகிவிடாது. அந்த நிபந்தனையையே எடுத்துவிட வேண்டும். இத்தனை பேர்தான் தங்கலாம் என்பது தண்ணீரையும் இடத்தையும் பொறுத்த கணக்கு, அதை எண்ணாகச் சொல்லலாம்.

எழுத்தால் தீராத குறைகளும் உண்டு. சுவரில் ஓதம் ஏறியிருந்தால், பாத்ரூம் தரை ஒழுகிக் கீழ்வீட்டுக்காரர் புகார் செய்துகொண்டிருந்தால், எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் அது வீட்டை விற்காது. விளம்பரத்துக்கு முன்பு கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும். போட்டோவும் அப்படித்தான். வைட் லென்ஸில் 8க்கு 9 அறையை 12க்கு 12 போலக் காட்டினால் எழுதியதெல்லாம் பாழ். புரோக்கரிடம் கொடுப்பவர்கள் விளம்பரத்தை எழுத்திலேயே கொடுத்து, ஒரு சொல்லும் மாற்றாமல் போடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே ‘ஸ்டேஷன் 5 நிமிடம்’ திரும்ப முளைத்துவிடும்.