சிறைக்குள் வந்த ஒரு கேள்வி

1971 ஆகஸ்டில் ஒரு நாள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல் துறையின் அடித்தளத்தில் பேராசிரியர் ஃபிலிப் சிம்பார்டோ தனியாக உட்கார்ந்திருந்தார். அங்கே அவர் ஒரு போலிச் சிறையை நடத்திக்கொண்டிருந்தார். பாதி மாணவர்கள் கைதிகள், பாதிப் பேர் காவலர்கள். விடுவிக்கப்பட்ட கைதி ஒருவன் நண்பர்களைக் கூட்டிவந்து மற்றவர்களை மீட்கப்போகிறான் என்று வதந்தி கிளம்பியிருந்தது. கைதிகளை மேல்மாடிக்கு மாற்றிவிட்டு, வருபவர்களை எதிர்பார்த்துக் காவல் இருந்தார் பேராசிரியர். ஆனால் வந்தவர் அவருடைய பழைய அறைத்தோழரும் சக பேராசிரியருமான கோர்டன் பவர். என்ன நடக்கிறது என்று விசாரித்துவிட்டு, பவர் சாதாரணமாகக் கேட்டார்: “இந்த ஆய்வில் சாரா மாறி எது?”

அதாவது, ஆய்வாளர் தம் கையால் மாற்றிப் பார்க்கும் அம்சம் எது என்பது கேள்வி. முதலாண்டு உளவியல் மாணவரிடம் கேட்கிற கேள்விதான். சிம்பார்டோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிறை உடையப்போகிற நேரத்தில் இந்த மனுஷனுக்கு மாறி கேட்கிறதா என்று தோன்றியதாகப் பின்னாளில் அவரே எழுதினார். தாம் ஆய்வாளர் என்பதை மறந்து சிறைக் கண்காணிப்பாளராகவே ஆகிவிட்டதற்கு அதை ஓர் உதாரணமாகவும் சொன்னார். பவரின் கேள்விக்கு மட்டும் கடைசிவரை சரியான பதில் வரவில்லை.

கல்லூரிகளில் உளவியல் மாணவர்கள் தங்கள் சோதனையை வகுப்பின் முன் விளக்கி முடித்ததும் வரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. ஆட்களை எங்கிருந்து பிடித்தீர்கள்? நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கினீர்களா? நீங்கள் சொல்லும் காரணம்தானா, வேறு ஏதாவது குறுக்கே வந்திருக்குமா? கேட்பவர்கள் கடமைக்குக் கேட்பதுபோலத் தோன்றும். ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை அந்த மேடையில் ஏற்றிப் பார்த்தால் ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு ஆழமாக வெட்டும் என்று தெரியும்.

சோதனையின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. காவலர்கள் கைதிகளை இழிவுபடுத்தினார்கள், சில கைதிகள் மனமுடைந்து போனார்கள். நல்ல பிள்ளைகளையும் சூழ்நிலை கொடியவர்களாக்கிவிடும் என்பதே சிம்பார்டோ எடுத்த முடிவு. அது பாடநூல்களில் ஏறியது, திரைப்படமானது. 2004இல் இராக்கின் அபு கிரைப் சிறைக் கொடுமைகள் வெளியானபோது, குற்றம்சாட்டப்பட்ட ஒரு படைவீரரின் தரப்பில் சிம்பார்டோ நிபுணர் சாட்சியாகவே நின்றார்.

முதல் கேள்விக்கு வருவோம். ஆட்கள் வந்தது செய்தித்தாள் விளம்பரம் வழியாக. சிறை வாழ்க்கை பற்றிய உளவியல் ஆய்வுக்கு ஆண் கல்லூரி மாணவர்கள் தேவை, நாளொன்றுக்கு 15 டாலர் என்றது விளம்பரம். எழுபதுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பேட்டியும் உளவியல் தேர்வும் வைத்து 24 பேரைப் பொறுக்கினார்கள். யார் காவலர், யார் கைதி என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்தார்கள்.

இந்த நாணயத்தைக் காட்டித்தான் மாணவர்கள் பலர் சறுக்குகிறார்கள். “சார், குலுக்கல் முறையில்தான் எடுத்தோம்” என்பார்கள். குலுக்கியது வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரிக்கத்தான். காவலர் குழுவும் கைதிக் குழுவும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க அது உதவும். ஆனால் வாசல்வரை வந்தவர்கள் யார் என்பதை நாணயம் மாற்றாது. விளம்பரத்தைப் பார்த்து ‘சிறையா, வேண்டாம்’ என்று தாளைப் புரட்டிவிட்டுப் போனவர்களைப் பற்றி அந்தச் சோதனைக்கு எதுவும் தெரியாது.

இதைச் சும்மா வாதமாக விடாமல் சோதித்தே பார்த்தார்கள், அமெரிக்க உளவியலாளர்கள் தாமஸ் கார்னஹனும் சாம் மக்ஃபார்லண்டும். 2007இல் வெளியான அவர்களது ஆய்வில் இரண்டு விளம்பரங்கள். ஒன்று கிட்டத்தட்ட பழைய சிம்பார்டோ விளம்பரமே. மற்றதில் ‘சிறை வாழ்க்கை’ என்ற சொற்கள் மட்டும் இல்லை. சிறை என்ற சொல்லைப் பார்த்து வந்தவர்கள் ஆக்ரோஷம், அதிகார மனப்பான்மை, பிறரை ஆட்டிவைக்கும் குணம், தற்பெருமை ஆகியவற்றில் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் பெற்றார்கள். பிறர் துன்பத்தை உணர்வதில் குறைவாகப் பெற்றார்கள். 1971இல் வந்தவர்களும் இப்படித்தான் இருந்தார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அவர்கள் சராசரியான இளைஞர்களே என்று தேர்வுகள் காட்டியதாக சிம்பார்டோ சொல்லிவந்தார். ஆனால் ‘யாராக இருந்தாலும் இப்படித்தான் நடந்திருப்பார்கள்’ என்ற வாக்கியத்தின் முதல் சொல்லில் ஓட்டை விழுந்துவிட்டது.

இன்னொரு ஓட்டையைப் பலர் கவனிப்பதில்லை. இருபத்துச் சொச்சம் பேர் என்று எண்ணுகிறோமே, அவர்கள் எல்லோரும் ஒரே தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் பார்த்து நடந்துகொண்டவர்கள். ஒரு முரட்டுக் காவலன் தன் பணிநேரத்தின் போக்கையே மாற்றிவிடலாம். கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால் சோதிக்கப்பட்டது ஒரு சிறை, ஒரு தடவை. அப்படியொரு பத்துச் சிறை நடத்தியிருந்தால் எத்தனையில் இதே கதை நடந்திருக்கும்? அதற்கு விடையே கிடையாது.

இரண்டாவது கேள்வி, அனுமதி. இங்கேதான் வாசகர்கள் வியக்கக்கூடும்: அனுமதி வாங்கியிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் மனித ஆய்வுக் குழு படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தது. அடித்தளத்துக்குள் போய்வர வழி குறைவு, ஆகவே தீயணைப்பான்கள் வையுங்கள் என்றது குழு. வைத்தார்கள். இரண்டாம் நாள் கைதிகள் கதவை அடைத்துக் கலகம் செய்தபோது, காவலர்கள் அதே தீயணைப்பானை எடுத்து, உறையவைக்கும் கார்பன் டைஆக்சைடைக் கைதிகள்மேல் பீய்ச்சினார்கள்.

குழு கவலைப்பட்டது தீயைப் பற்றி. ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் உண்மையில் பார்க்கவேண்டிய இடம். பங்கேற்பவர் ஆய்வு முடியும்வரை இருக்க எதிர்பார்க்கப்படுவார். மருத்துவ ஆலோசகர்கள் ஏற்கும் உடல்நலக் காரணத்துக்காகவோ, சிம்பார்டோ தகுந்தது என்று கருதும் வேறு காரணத்துக்காகவோதான் விடுவிக்கப்படுவார் என்ற பொருளில் அது இருந்தது. ‘சோதனையிலிருந்து விலகுகிறேன்’ என்று அவர்கள் சொல்லியிருந்தால் போதும், விட்டிருப்போம் என்று பிற்பாடு சிம்பார்டோ சொன்னார். அப்படி ஒரு வழி இருப்பதாகப் படிவத்தில் இல்லை. பாலோ ஆல்டோ நகரக் காவல்துறையினரே வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்தார் பார்க்க விலங்கு மாட்டி அழைத்துப்போவார்கள் என்பதும் கைதிகளுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை.

நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்றும் கேட்கவேண்டும். ஆய்வாளர் சிம்பார்டோ, கண்காணிப்பாளரும் சிம்பார்டோ. வெளியிலிருந்து பலர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இது தவறு என்று அவரிடம் சண்டைபோட்டவர் அப்போதுதான் முனைவர் பட்டம் பெற்றிருந்த கிறிஸ்டினா மாஸ்லாக் ஒருவர்தான். பின்னாளில் அவரைத்தான் சிம்பார்டோ மணந்தார். ஒரு ஆய்வு நிற்பதற்கு ஆய்வாளரின் காதலி கோபப்பட வேண்டியிருந்தது என்றால், அது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. இதற்குப் பிறகும் 1973இல் அமெரிக்க உளவியல் சங்கம் ஆராய்ந்து, அன்றைய விதிகள் மீறப்படவில்லை என்றே சொன்னது. மறு ஆண்டு அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்கு மருந்து தராமலே பல்லாண்டுகள் வேடிக்கை பார்த்த ஆய்வு அம்பலமானதே அதற்கு முக்கிய உந்துதல். இன்று எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம் என்ற வரி படிவத்தில் இல்லாமல் எந்தக் குழுவும் கையெழுத்துப் போடாது.

மூன்றாவது கேள்வியில்தான் பவரின் கேள்வி ஒளிந்திருக்கிறது. சாரா மாறி எது? காவலர் வேடம் என்று சொல்லலாம். அப்படியானால் காவலர்கள் கொடுமை செய்ததற்கு வேடத்தைத் தவிர வேறு காரணம் இருக்கக்கூடாது. வேடத்தோடு சேர்ந்தே வேறொன்றும் காவலர்களுக்கு மட்டும் கிடைத்திருந்தால், இரண்டில் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. இப்படிக் குறுக்கே நுழைந்து முடிவைக் கலங்கடிப்பதைத்தான் குழப்பும் மாறி என்கிறார்கள்.

அப்படி ஒன்று இருந்தது. பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ தெக்ஸியே ஸ்டான்ஃபோர்டு ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒலிநாடாக்களையும் தாள்களையும் துருவி 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சோதனைக்கு முன்பே காவலர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. கைதிகளிடம் சலிப்பையும் ஓரளவு பயத்தையும் உண்டாக்கலாம், அவர்களுக்குத் தனிமை இருக்காது என்றெல்லாம் சிம்பார்டோ அதில் விளக்கினார். சிறை அதிகாரியாக இருந்த மாணவர் டேவிட் ஜாஃபி, மென்மையாக நடந்துகொண்ட ஒரு காவலரைத் தனியே கூப்பிட்டு, இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவது நாடாவில் பதிவாகியிருக்கிறது. விதிகள் பலவும் அதே ஜாஃபி சில மாதங்களுக்கு முன் மாணவர் விடுதியில் நடத்திப் பார்த்த விளையாட்டுச் சிறையிலிருந்து வந்தவை. கைதிகளை மிக அதிகமாக வாட்டிய காவலரோ, ஒரு திரைப்படச் சிறை அதிகாரியைப் பார்த்து வேண்டுமென்றே நடித்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஆக, வேடமும் அறிவுறுத்தலும் கலந்துவிட்டன. பிரித்துப் பார்க்க வழி இல்லாமல் இல்லை. ஒரு சிறையின் காவலர்களிடம் உடையும் சாவியும் மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். இன்னொரு சிறையில் கூட்டம் போட்டுச் சொல்லலாம். யார் எந்தச் சிறை என்று தெரியாத ஒருவர் காவலர்களின் நடத்தையை எண்ணிக் குறிக்கலாம். இரண்டு சிறைக்கும் வேறுபாடு இல்லையென்றால் சிம்பார்டோ சொன்னது நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது. காவலர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் கொடுமையில் இறங்கினார்கள் என்று சிம்பார்டோவின் விவரிப்பிலேயே இருக்கிறது. ஒரே சூழ்நிலையில் மீதிப் பேர் ஏன் இறங்கவில்லை என்பதற்குச் சூழ்நிலையைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது.

பிரிட்டிஷ் உளவியலாளர்கள் ஸ்டீஃபன் ரைக்கரும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2001 டிசம்பரில் பிபிசியுடன் சேர்ந்து 15 ஆண்களை வைத்து மறுபடி ஒரு சிறை அமைத்தார்கள். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று காவலர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. தனிப்பட்ட நெறிமுறைக் குழு ஒன்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த நிமிடமும் நிறுத்தும் அதிகாரம் அதற்கு இருந்தது. காவலர்களுக்குள் ஒற்றுமையே வரவில்லை. கைதிகள் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள். எட்டாம் நாள் நிறுத்தினார்கள்.

இதைக் கடுமையாக விமர்சித்தவர் சிம்பார்டோ. தொலைக்காட்சிக்காக எடுக்கப்படுகிறோம் என்று தெரிந்தவர்கள் இயல்பாக எப்படி இருப்பார்கள், கேமராதானே அவர்களை ஆட்டிவைத்தது என்று கேட்டார். கேமரா முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே மாதிரி ஓடியது, ஆனால் ஆட்களின் நடத்தை நாளுக்கு நாள் மாறியது, மாறாத ஒன்றைக் கொண்டு மாறியதை எப்படி விளக்குவது என்பது ரைக்கரும் ஹாஸ்லமும் சொன்ன பதில். கேமரா கண்ணெதிரே இருக்கையில் காவலர்கள் தங்கள் அதிகாரத்தைக் காட்டக் கூசியிருக்கலாம் என்ற சந்தேகத்தை அந்தப் பதிலும் முழுதாகத் தீர்க்கவில்லை.