முட்டி மேடும் நாள் கணக்கும்

தில்லியில் ஆறாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்திக்குக் காஞ்சிபுரம் சொந்த ஊர். 2026ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கே அவளுடைய தாய்மாமனுக்குத் திருமணம். அதற்காகக் குடும்பத்தினர் ஏப்ரல் 10ஆம் நாள் தில்லியிலிருந்து புறப்பட எண்ணினர். தொடர்வண்டியில் பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்னரே இருக்கையை முன்பதிவு செய்யலாம். 60 நாள் என்பது இரண்டு மாதம்தானே என்று எண்ணிய தந்தை, பிப்ரவரி 10ஆம் நாள் காலை 8 மணிக்குக் கணினியின் முன் அமர்ந்தார். ஆனால் முன்பதிவு அதற்கு முந்தைய நாளே தொடங்கிவிட்டது. இருக்கைகள் நிரம்பியிருந்தன. காத்திருப்போர் பட்டியலில்தான் இடம் கிடைத்தது. பயண நாள் வரையிலும் அந்தப் பயணச்சீட்டு உறுதியாகவில்லை. மாமனின் திருமணத்தை அவள் கைப்பேசியில்தான் கண்டாள்.

அக்டோபர் மாதம் வந்தது. பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும் பேச்சு வீட்டில் எழுந்தது. தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் தமிழ்நாடு விரைவு வண்டியில் 2027ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் இரவு ஏறினால், 13ஆம் நாள் காலையில் சென்னையை அடையலாம். முன்பதிவு தொடங்கும் நாள் எது?

"அம்மா, இந்த முறை நானே கணக்கிடுகிறேன்" என்றாள் சிறுமி.

"எந்த மாதத்திற்கு எத்தனை நாள் என்று தெரிந்தால்தானே கணக்கிட முடியும்? முதலில் உன் கையை மூடு" என்றார் அம்மா.

கையில் ஒரு நாள்காட்டி

இடக்கையை இறுக மூடிப் புறங்கையைப் பார்த்தால், ஆள்காட்டி விரல் முதல் சுண்டு விரல் வரை நான்கு முட்டிகள் மேடாகத் தெரியும். அவற்றின் இடையே மூன்று பள்ளங்கள் இருக்கும். கட்டைவிரலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆள்காட்டி விரலின் மேட்டைத் தொட்டு 'ஜனவரி' என்று தொடங்க வேண்டும். அடுத்துள்ள பள்ளம் பிப்ரவரி. நடுவிரல் மேடு மார்ச். அதற்கடுத்த பள்ளம் ஏப்ரல். மோதிர விரல் மேடு மே. அடுத்த பள்ளம் ஜூன். சுண்டு விரல் மேடு ஜூலை. மேட்டில் அமையும் மாதங்களுக்கு 31 நாள்கள். பள்ளத்தில் அமையும் மாதங்களுக்கு 30 நாள்கள். பிப்ரவரி மட்டும் விலக்கு.

ஜூலையோடு மேடுகள் முடிந்துவிடுகின்றன. ஆகஸ்ட் மாதத்திற்கு மீண்டும் ஆள்காட்டி விரல் மேட்டுக்கே வர வேண்டும். அதன்பின் செப்டம்பர் பள்ளம், அக்டோபர் மேடு, நவம்பர் பள்ளம், டிசம்பர் மேடு.

பலரும் தவறுவது ஜூலைக்கு அடுத்த இந்த இடத்தில்தான். மேட்டுக்குப் பின் பள்ளம் என்று பழகிய விரல், ஆகஸ்டையும் பள்ளத்தில் வைக்கப் பார்க்கும். அவ்வாறு வைத்தால் செப்டம்பர் மேட்டிலும் டிசம்பர் பள்ளத்திலும் வந்து நிற்கும். டிசம்பர் 31 ஆண்டின் கடைசி நாள் என்பதை யாவரும் அறிவர். ஆகவே டிசம்பர் பள்ளத்தில் முடிந்தால், எண்ணியது பிழை என்று உடனே அறியலாம். ஜூலையும் ஆகஸ்டும் அடுத்தடுத்து வரும் இரண்டு 31 நாள் மாதங்கள் என்பதை நினைவில் கொண்டால் இப்பிழை நேராது.

பின்னோக்கி எண்ணுதல்

இனி ஜனவரி 11ஆம் நாளிலிருந்து 60 நாள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நாள்காட்டியில் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணினால் நடுவில் எண் தவறிவிடும். மாதம் மாதமாகத் தாவுவதே எளிது.

"ஜனவரி 11இலிருந்து 11 நாள் பின்னே போனால் எங்கே நிற்பாய்?" என்று கேட்டார் அம்மா.

சிறுமி சற்று எண்ணிப் பார்த்தாள். 10 நாள் பின்னே சென்றால் ஜனவரி 1. 11 நாள் சென்றால் டிசம்பர் 31. "டிசம்பரின் கடைசி நாள்" என்றாள்.

60இல் 11 போக 49 நாள்கள் எஞ்சின. விரல் டிசம்பரைத் தொட்டது. அது மேடு, எனவே 31 நாள்கள். டிசம்பர் 31இலிருந்து 31 நாள் பின்னே சென்றால் நவம்பரின் கடைசி நாளை அடையலாம். நவம்பர் பள்ளத்தில் இருப்பதால் அந்நாள் நவம்பர் 30. 49இல் 31 போக எஞ்சியவை 18 நாள்கள். 30இலிருந்து 18ஐக் கழித்தால் 12. ஆகவே முன்பதிவு தொடங்கும் நாள் நவம்பர் 12.

விடை சரியா என்று பார்த்தல்

விடையை முன்னோக்கிக் கூட்டிச் சரிபார்க்கலாம். நவம்பர் 12இலிருந்து நவம்பர் 30 வரை 18 நாள்கள். டிசம்பருக்கு 31. ஜனவரியில் 11. மூன்றையும் கூட்டினால் 60.

கிழமையைக் கொண்டும் சரிபார்க்கலாம். 60 நாள் என்பது 8 வாரமும் 4 நாளும் ஆகும். எனவே முன்பதிவு நாளின் கிழமை, பயண நாளின் கிழமைக்கு நான்கு நாள் முந்தையதாக இருக்க வேண்டும். 2027ஆம் ஆண்டு ஜனவரி 11 திங்கட்கிழமை. அதற்கு நான்கு நாள் முந்தைய கிழமை வியாழன். 2026ஆம் ஆண்டு நாள்காட்டியில் நவம்பர் 12ஐப் பார்த்தால் அதுவும் வியாழக்கிழமையே. ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் கிழமை பொருந்தாமல் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு மாதம் 60 நாள் ஆகுமா?

தந்தை செய்ததுபோல் இரண்டு மாதம் பின்னே சென்றிருந்தால் நவம்பர் 11 என்று விடை வந்திருக்கும். அன்று ஜனவரி 11க்கு 61 நாள்கள் இருக்கும், முன்பதிவு திறந்திருக்காது. மறுநாள் மீண்டும் முயன்றால் போதும், இழப்பு இல்லை.

ஏப்ரல் 10க்கு அதே முறை ஏன் ஏமாற்றியது? சிறுமி மீண்டும் கையை மூடினாள். ஏப்ரலில் 10 நாள் பின்னே சென்றால் மார்ச் 31. எஞ்சியவை 50. மார்ச் மேடு, 31 நாள்கள். அவற்றைக் கழித்தால் பிப்ரவரியின் கடைசி நாளில் நின்று, இன்னும் 19 நாள் பின்னே செல்ல வேண்டும். 2026ஆம் ஆண்டில் பிப்ரவரிக்கு 28 நாள்கள். 28இல் 19 போக 9. பிப்ரவரி 9ஆம் நாளே முன்பதிவு தொடங்கிய நாள்! பிப்ரவரி 10இலிருந்து எண்ணினால் 59 நாள்களே இருந்தன.

"பிப்ரவரியில் இரண்டு நாள் குறைந்துவிட்டது, அம்மா. மார்ச்சில் ஒரு நாள் கூடியது. அதனால்தான் ஒரு நாள் பிந்திவிட்டோம்" என்றாள் சிறுமி.

ஒரே தவறு, ஒரு பருவத்தில் ஒரு நாள் முந்தியும் மற்றொரு பருவத்தில் ஒரு நாள் பிந்தியும் விடை தந்தது. முந்தினால் காத்திருக்கலாம், பிந்தினால் இருக்கை கிடைப்பது அரிது.

முட்டி சொல்லாத செய்தி

பிப்ரவரி பள்ளத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே முட்டி காட்டும். அதற்கு 28 நாளா, 29 நாளா என்பதை ஆண்டைப் பார்த்தே அறிய வேண்டும். 4ஆல் மீதியின்றி வகுபடும் ஆண்டு நெட்டாண்டு. அதில் பிப்ரவரிக்கு 29 நாள்கள். 1900, 2100 போன்ற நூற்றாண்டுகள் 400ஆல் வகுபட்டால் மட்டுமே நெட்டாண்டாகும். 2000 நெட்டாண்டு, 2100 நெட்டாண்டு அன்று. 2028 நெட்டாண்டு. எனவே அவ்வாண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பயணத்திற்கு, 29இல் 19 போக, பிப்ரவரி 10ஆம் நாளே முன்பதிவு தொடங்கும் நாளாக அமையும்.

சித்திரை, வைகாசி முதலான தமிழ் மாதங்களுக்கும் இம்முறை பொருந்தாது. அவை சூரியனின் இயக்கத்தைக் கொண்டு கணிக்கப்படுவதால், 29 நாள் முதல் 32 நாள் வரை நீள்கின்றன. அவற்றின் நாள்களை அறியப் பஞ்சாங்கத்தையோ தமிழ் நாள்காட்டியையோதான் பார்க்க வேண்டும்.

தொடக்க நாளைச் சேர்க்கலாமா?

மாத நாள்களைச் சரியாக அறிந்தும் விடையில் ஒரு நாள் பிழைபடலாம். எதை எண்ணுகிறோம் என்பதில் தெளிவின்மையே அதற்குக் காரணம். முன்பதிவில் பயண நாளை விடுத்தே 60 நாள் எண்ணப்படுகிறது. ஆகவே இரு தேதிகளுக்கும் உள்ள வேறுபாடே விடையாகும்.

விடுமுறையை எண்ணும்போது அவ்வாறு இல்லை. டிசம்பர் 25 முதல் ஜனவரி 3 வரை விடுமுறை என்றால், டிசம்பரில் 31இலிருந்து 25ஐக் கழிக்க 6, ஜனவரியில் 3, ஆக 9 என்பது தேதிகளின் வேறுபாடு. ஆனால் டிசம்பர் 25ஆம் நாளும் விடுமுறையே. ஜனவரி 3ஆம் நாளும் விடுமுறையே. எனவே விடுமுறை 10 நாள்கள். இரு முனைகளும் சேர வேண்டிய இடத்தில் வேறுபாட்டோடு 1 கூட்ட வேண்டும்.

நவம்பர் 12 என்ற தேதியைச் சிறுமி சுவரில் தொங்கிய நாள்காட்டியில் வட்டமிட்டாள். அதன் கீழே 'காலை 8 மணி' என்றும் எழுதினாள். தந்தை வந்து பார்த்துவிட்டு, தம் கையை மூடி ஒருமுறை எண்ணினார். பிறகு தலையசைத்தார்.

பயிற்சி

1. கையை மூடிப் பன்னிரண்டு மாதங்களையும் எண்ணுக. 31 நாள் மாதங்கள் எத்தனை? அவற்றை வரிசையாக எழுதுக.

2. செப்டம்பர் 10ஆம் நாள் பயணத்திற்கு 60 நாள் முன் வரும் தேதி எது? கணக்கின் படிகளை எழுதுக.

3. செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 5 வரை, இரு நாள்களும் உட்பட, பள்ளி விடுமுறை. விடுமுறை எத்தனை நாள்?

4. ஏப்ரல் 15ஆம் நாள் பயணத்திற்கு முன்பதிவு தொடங்கும் தேதியை 2027, 2028 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் கண்டறிக. இரு விடைகளும் வேறுபடக் காரணம் என்ன?

5. வீட்டில் அடுத்து ஊருக்குச் செல்லவிருக்கும் நாளைக் கேட்டறிந்து, முன்பதிவு தொடங்கும் தேதியைக் கணக்கிடுக. கிழமையைக் கொண்டு விடையைச் சரிபார்க்க.