விழுங்கப்படும் சொற்கள்

சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகம். இரவு எட்டு மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளருடன் தொலைபேசிக் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை எப்போது முடியும் என்று அவர் கேட்கிறார். நம் பையன் பளிச்சென்று சொல்கிறான்: "வீ கேன் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே." ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுகிறது. மறுமுனையில் சின்ன மௌனம். பிறகு, "அப்படியானால் எப்போதுதான் முடிப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி வருகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முடியும் என்று இவன் சொன்னான். முடியாது என்று அவர் காதில் விழுந்தது. இலக்கணத்தில் பிழை இல்லை, தொலைபேசி இணைப்பிலும் கோளாறு இல்லை. சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னதுதான் இங்கே வினையாகிவிட்டது.

அமெரிக்கர் ஒருவர் இதே வாக்கியத்தைச் சொன்னால் 'கேன்' என்ற ஒலி அதில் இருக்காது. 'வீ க்ன் ஃபினிஷ்' என்றுதான் சொல்வார். ககரத்துக்கும் னகரத்துக்கும் நடுவே உயிரெழுத்து இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. அழுத்தம் முழுவதும் 'ஃபினிஷ்' என்பதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். முடியாது என்று சொல்லும்போதோ 'வீ கேன்ட் ஃபினிஷ்' என்று உயிரொலி முழுசாக வரும், அழுத்தமும் அதன்மேல் விழும். அதே நேரத்தில் கடைசி 'ட்' சரியாக வெடிக்காமல் தொண்டையிலேயே அடங்கிவிடும். ஆகவே அமெரிக்கக் காது டகரத்துக்காகக் காத்திருப்பதில்லை. 'கேன்' என்று உயிரொலி நிமிர்ந்து நின்றால் மறுப்பு, 'க்ன்' என்று சுருண்டு கிடந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது. நம் பையன் அதை நிமிர்த்திச் சொன்னான். அவர் மறுப்பென்று எடுத்துக்கொண்டார். பிரிட்டிஷ்காரருடன் பேசும்போது இந்தத் தொல்லை குறைவு. அவருக்கு மறுப்பு 'கான்ட்' என்று நெடிலாக வரும் என்பதால் இரண்டும் எளிதில் கலங்குவதில்லை.

இப்படிச் சுருளும் வடிவத்தை மொழியியலில் மெலிந்த வடிவம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் 40 சொற்களுக்குக் குறையாமல் இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்கின்றன. எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள்தான்: டு, ஆஃப், ஃபார், ஃப்ரம், அண்ட், கேன், ஹேவ், வாஸ், ஹிம், தெம் போன்றவை. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் சுமையைத் தூக்கி நடக்க, இவை அவற்றின் நிழலில் ஒதுங்கிவிடும். ஒதுங்கும்போது இவற்றின் உயிரொலி ஷ்வா என்ற சோம்பேறி ஒலியாக மாறுகிறது. நாக்கு எங்கும் போகாமல், உதடு குவியாமல், வாய் சும்மா திறந்திருக்கும்போது வரும் ஒலி அது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலியும் அதுவே. ஆனால் அதற்கென்று ஆங்கில நெடுங்கணக்கில் தனி எழுத்து கிடையாது.

நமக்கு இது புதிது அல்ல. 'பசு', 'காசு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பசுவின் கடைசி உகரத்துக்கு உதடு குவிகிறது, ஒரு மாத்திரை முழுசாக ஒலிக்கிறது. காசின் உகரம் உதடு குவியாமல் அரை மாத்திரையில் முடிந்துவிடுகிறது. பள்ளியில் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. எது எங்கே வரும் என்பதை அக்கம்பக்கம் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தின் மெலிந்த வடிவத்துக்கு அடிப்படையும் ஏறக்குறைய இதுவே.

சுருக்கக் குறியீட்டுடன் எழுதப்படும் 'ஐம்', 'டோன்ட்', 'வுடன்ட்' போன்றவை இந்த மெலிதலின் அடுத்த கட்டம். மெலிந்த சொல் தனியாக நிற்கத் தெம்பில்லாமல் பக்கத்துச் சொல்லில் ஒட்டிக்கொள்கிறது, எழுத்தும் அதை ஏற்றுக்கொள்கிறது. இந்த ஏற்பு சண்டையில்லாமல் வந்துவிடவில்லை. கலிவரின் பயணங்கள் எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், 1710இல் 'தி டேட்லர்' இதழில் இப்படிப்பட்ட சுருக்கங்களைக் கண்டித்து எழுதினார். அவர் கோபப்பட்டவற்றில் 'கான்ட்', 'குடன்ட்' இரண்டும் உண்டு. இன்று அவை இல்லாமல் ஓர் ஆங்கில உரையாடல் ஐந்து நிமிடம் நகராது.

இப்போது முரட்டு ஆசாமி ஒன்றைப் பார்ப்போம். "தெரிந்திருந்தால் அவனிடம் சொல்லியிருக்க மாட்டேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால், "ஐ வுட் நாட் ஹேவ் டோல்ட் ஹிம் இஃப் ஐ ஹேட் நோன்." ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் சாதாரணமாகப் பேசும்போது இது, "ஐ வுடன்ட்டவ் டோல்டிம் இஃபைட் நோன்" என்று வரும். என்ன நடந்திருக்கிறது? 'நாட்' தன் உயிரொலியை இழந்து 'வுட்'டில் ஒட்டிவிட்டது. 'ஹேவ்' முதலில் ஹகரத்தைத் துறந்து, பிறகு ஏகாரத்தையும் ஷ்வாவுக்கு விட்டுக்கொடுத்து, 'அவ்' என்ற துணுக்காக அதன் வாலில் தொங்குகிறது. 'ஹிம்'மின் ஹகரமும் போய்விட்டது. 'ஹேட்' வெறும் 'ட்' ஆகிவிட்டது. அசைகளை எண்ணினால் வுட்-நாட்-ஹேவ் மூன்று. வு-டன்-ட்டவ் என்பதும் மூன்றுதான். குறைந்தது அசை அல்ல. முன்பு மூன்றும் முழு உயிரொலியோடு இருந்தன, இப்போது ஒன்று மட்டும் இருக்கிறது. இன்னும் அவசரமாகப் பேசினால் வகரமும் உதிர்ந்து 'வுட்ன' என்ற இரண்டு அசை மட்டுமே மிஞ்சும்.

கேட்டால் தலைசுற்றுகிறதா? அந்த முதல் தமிழ் வாக்கியத்தை நீங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? "தெரிஞ்சிருந்தா அவன்ட்ட சொல்லிருக்க மாட்டேன்." தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் 'அவனிடம்' என்று புத்தகத்தில் படித்துவிட்டுத் தெருவில் 'அவன்ட்ட' என்பதைக் கேட்கும்போது விழிப்பாரே, அதே விழிப்புத்தான் நமக்கும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நாம் பேச்சுத் தமிழைக் காதால் கற்று, பிறகு எழுத்துக்குப் போனோம். ஆங்கிலத்தைப் பெரும்பாலும் கண்ணால் கற்றோம். எழுத்தில் எல்லாச் சொற்களும் ஒரே உயரத்தில் நிற்பதால், பேச்சிலும் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்கிறோம்.

காதால் மட்டும் கற்றவர்களுக்கும் வேறு சிக்கல் உண்டு. 'ஹேவ்' மெலிந்தால் 'அவ்'. 'ஆஃப்' என்ற சொல் மெலிந்தாலும் அதே 'அவ்'. அதனால்தான் ஆங்கிலம் தாய்மொழியான பலர் 'வுட் ஹேவ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வுட் ஆஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணால் கற்ற நம்மவர்கள் இந்தப் பிழையில் அதிகம் விழுவதில்லை. நமக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

துண்டாகிப்போன சொல் எது என்று கண்டுபிடிக்க அடுத்த சொல்தான் துணை. 'ஐட்' என்று கேட்டால் அது 'ஐ ஹேட்' ஆகவும் இருக்கலாம், 'ஐ வுட்' ஆகவும் இருக்கலாம். பின்னால் 'கோ' வந்தால் வுட், 'கான்' வந்தால் ஹேட். 'புட்' வந்தால்? அந்த வினைக்கு எல்லாக் காலத்திலும் ஒரே உருவம். வைத்திருந்தேன் என்பதா, வைப்பேன் என்பதா என்று பேச்சின் சூழல்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலேயரும் அங்கே சூழலைத்தான் நம்பியிருக்கிறார்.

சரி, நாமும் இப்படிப் பேச வேண்டுமா? திரைப்படம் பார்த்துப் பலர் முதலில் பிடித்துக்கொள்வது 'கன்னா', 'வானா' இரண்டையும்தான். என்னைக் கேட்டால் அவற்றைக் கடைசியில் கற்றுக்கொண்டால் போதும். தவறாகப் போட்டால் பல்லிளிக்கும் சொற்கள் அவை. 'கோயிங் டு' என்பதன் சுருக்கம்தான் 'கன்னா', ஆனால் அதற்குப் பின்னால் வினைச்சொல் வர வேண்டும். 'ஐம் கன்னா ஈட்' சரி. மதுரைக்குப் போகிறேன் என்பதற்கு 'ஐம் கன்னா மதுரை' என்று யாரும் சொல்வதில்லை. முன்னால் உள்ள 'ஐம்' என்பதையும் கைவிடக் கூடாது. 'ஐ கன்னா' என்றால் பொது ஆங்கிலத்தில் வாக்கியம் நொண்டும். 'வானா'வும் அப்படியே. ஐ, யூ, வீ, தே ஆகியவற்றோடு வரும். 'ஹீ வான்ட்ஸ் டு' என்பதில் நடுவே சகரம் புகுந்துவிடுவதால் அது 'வானா' ஆகாது.

மெலிதலுக்கு எல்லையும் உண்டு. வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் துணைவினை மெலியாது. "உன்னால் முடியுமா?" என்று கேட்டால் "யெஸ், ஐ கேன்" என்று முழு உயிரொலியோடுதான் பதில். "நீ தயாரா?" என்ற கேள்விக்கு "யெஸ், ஐம்" என்று நிறுத்தினால் பாதிப் படியில் கால் தொங்குவதுபோல் இருக்கும், "யெஸ், ஐ ஆம்" என்றே சொல்ல வேண்டும். மறுப்பு ஒட்டிய துணைவினையும் பொதுவாக அழுத்தத்தை விடாது. நம் சென்னைக் கதையின் சாவி இந்த இரண்டாவது விதியில்தான் இருக்கிறது.

எழுத்தில் அளவு எளிது. அலுவலக மின்னஞ்சலில் 'ஐம்', 'டோன்ட்' எழுதலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒப்பந்தத்திலும் விண்ணப்பத்திலும் விரித்தே எழுதுவது வழக்கம். 'கன்னா'வும் 'வுடன்ட்டவ்'வும் கதை உரையாடலுக்கும் நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்திக்கும் உரியவை.

காதைப் பழக்க விரும்புபவருக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் ஆங்கிலப் பேட்டி ஒன்றை எடுத்து, எழுத்தைப் பார்க்காமல் ஐந்து விநாடித் துண்டு ஒன்றைக் கேளுங்கள். எத்தனை சொற்கள் என்று மட்டும் எண்ணுங்கள். பிறகு எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்பது சொல் இருக்கும் இடத்தில் ஆறு கேட்டிருந்தால், காணாமல் போன மூன்றும் அநேகமாக அந்த 40இல்தான் இருக்கும். எவை என்று குறித்துக்கொண்டு அதே துண்டை மறுபடி கேட்டால், முதலில் இல்லாத இடத்தில் ஒரு சின்ன முனகல் கேட்கும். வேகத்தைக் குறைத்துக் கேட்பதை முதல் முறை தவிர்க்கலாம். ஒலி நீளுமே தவிர, மெலிந்த உயிர் திரும்பி வராது.

பேச்சில் திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் 'க்ன்' என்பதைத்தான் சொல்வேன். அதுவும் நாவில் வரவில்லையென்றால் அந்தச் சொல்லையே தாண்டிப் போய்விடலாம். அன்றைய கூட்டத்தில் அந்தப் பையன், "வீ வில் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே" என்று சொல்லியிருந்தால் குழப்பமே இல்லை. வில் என்பதன் மறுப்பு 'வோன்ட்', இரண்டும் காதில் ஒட்டவே ஒட்டாது. மறுமுனைக்காரர் சொன்னது நமக்குப் புரியாதபோதும் "கேனா, கேன்ட்டா?" என்று கேட்பதில் பயனில்லை, பதிலும் அதே குழியில்தான் விழும். "அப்படியானால் வெள்ளிக்கிழமை கையில் கிடைத்துவிடும், அல்லவா?" என்று கேட்டுவிட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.